எட்டு மாதம் பச்சை, ஒரே வாரத்தில் சிவப்பு: நிலை நிறங்களின் விதிகள் எங்கே சறுக்குகின்றன

நிலை அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று நிறங்கள். திட்டமிட்டபடி வேலை போகிறது என்றால் பச்சை. சிக்கல் இருக்கிறது, ஆனால் சமாளிக்கலாம் என்றால் ஆம்பர். மேலிடம் தலையிடாவிட்டால் கெடுவுக்குள் முடியாது என்றால் சிவப்பு. படிக்க எளிமையான ஏற்பாடு. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாக இருந்த திட்டம், கெடுவுக்குச் சில வாரங்களே மிச்சமிருக்கும்போது, ஆம்பரில்கூட நிற்காமல் சிவப்புக்குத் தாவுவதைத் திட்ட மேலாண்மையில் இருப்பவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் இதற்குத் தர்பூசணித் திட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படி நடந்ததும் யார் மறைத்தார்கள் என்ற விசாரணைதான் முதலில் தொடங்கும். மறைப்பவர்களும் உண்டு. ஆனால் ஒருவர்கூடப் பொய் சொல்லாமல், எல்லோரும் விதியை அப்படியே பின்பற்றியும் இந்தத் தாவல் நடக்கும். விதி எதை அளக்கிறது என்பதில்தான் கோளாறு. அதை ஒரு கணக்கின் வழியாகப் பார்ப்பதே நல்லது.

நாற்பது வாரத் திட்டம் ஒன்று

விளக்கத்துக்காக ஒரு மென்பொருள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 40 வாரம். முதல் 30 வாரத்தில் 120 பணிகளைக் கட்டி முடிக்க வேண்டும்; அதாவது வாரத்துக்கு 4. கடைசி 10 வாரம் முழு அமைப்பையும் சேர்த்துச் சோதிப்பதற்கும், பிழைகளைத் திருத்துவதற்கும், பயன்பாட்டுக்குக் கொண்டுபோவதற்கும். குழுவில் 10 பேர்.

நிற விதி பல இடங்களில் இருக்கும் வகைதான். அந்த வாரம் வரை முடிந்திருக்க வேண்டிய வேலையோடு, முடிந்ததாக அறிவிக்கப்பட்ட வேலையை ஒப்பிட வேண்டும். பின்தங்கல் 5 சதவீதத்துக்குள் என்றால் பச்சை, 5 முதல் 10 வரை ஆம்பர், அதற்கு மேல் சிவப்பு. பாதியில் இருக்கும் பணிக்கு அதைச் செய்பவர் சொல்லும் சதவீதத்தையே சேர்த்துக்கொள்வார்கள்.

குழுவின் உண்மையான வேகம் வாரத்துக்கு 4 அல்ல, 3 என்று வைத்துக்கொள்வோம். மோசமான வேகம் என்று சொல்ல முடியாது; மதிப்பீடு கொஞ்சம் நம்பிக்கையோடு போடப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

10-ஆம் வார முடிவில் 40 பணிகள் முடிந்திருக்க வேண்டும். சோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்டவை 30. இன்னும் 20 பணிகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 50 சதவீதம் என்கிறார்கள், அதற்கு 10. கூட்டினால் 40. பின்தங்கலே இல்லை. பச்சை.

20-ஆம் வாரத்தில் 80 வேண்டும். முடிந்தவை 60. நடப்பில் 34, பாதி பாதியாக 17. மொத்தம் 77, பின்தங்கல் 4 சதவீதத்துக்கும் குறைவு. பச்சை.

30-ஆம் வாரத்தில் 120 வேண்டும். முடிந்தவை 90. மீதி 30 பணிகளும் ஏறக்குறைய முடிந்தவை, ஒவ்வொன்றும் 90 சதவீதம், ஆக 27. மொத்தம் 117. பின்தங்கல் 2.5 சதவீதம். பச்சை, அதுவும் 20-ஆம் வாரத்தைவிட நல்ல பச்சை. 33-ஆம் வாரத்தில் எண் இன்னும் அழகாகி, பின்தங்கல் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது.

36-ஆம் வாரம். முழு அமைப்பையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனை இன்னும் தொடங்கவே முடியவில்லை. முடிந்த பணிகள் 108. மீதியுள்ள 12-தான் மற்றவற்றை இணைப்பவை, அவை இல்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எதையும் ஓட்ட முடியாது. அவற்றுக்கு இன்னும் 4 வாரம் வேண்டும், சோதனைக்கு அதன் பிறகு 10 வாரம். திட்டம் 50-ஆம் வாரத்தில்தான் முடியும். 40-க்கு 10 வாரத் தாமதம், அதாவது 25 சதவீதம். இது ஆம்பரின் எல்லையைத் தாண்டி எங்கேயோ இருப்பதால், இடைநிலையே இல்லாமல் சிவப்பு.

36-ஆம் வாரத்தில் புதிதாக எந்த இடியும் விழவில்லை. வேகம் முதல் வாரத்திலிருந்தே 3-தான். 10-ஆம் வாரத்திலேயே கணக்குப் போட்டிருந்தால் மீதி 90 பணிகளுக்கு 30 வாரம், சோதனைக்கு 10 வாரம், ஆக 50-ஆம் வாரம் என்ற அதே விடைதான் வந்திருக்கும். அந்த விடையைக் கேட்கும் கேள்வி விதியில் இல்லை.

பாதி முடிந்த வேலைக்குக் கொடுத்த மதிப்பெண்

மேலே உள்ள எண்களில் பச்சையைத் தாங்கிப்பிடித்தது நடப்பில் இருக்கும் பணிகள்தாம். ஒருவர் தன் வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்லும்போது, பெரும்பாலும் செலவழித்த முயற்சியைத்தான் சொல்கிறார். இரண்டு வார வேலையில் ஒரு வாரம் போய்விட்டது, அதனால் 50 சதவீதம். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது வேறு கேள்வி. அதில் இன்னும் கண்ணில் படாத பிழைகளும், பக்கத்துக் குழுவிடமிருந்து வர வேண்டியவையும் அடங்கும். 90 சதவீதம் வரை எண் ஏறுவது எளிது. அதன் பிறகு அதே 90-இல் வாரக்கணக்கில் நிற்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. புதிதாக ஒரு பணியைத் தொடங்கினால் உடனே மதிப்பெண் கிடைக்கிறது. தொடங்கியதை முடித்தால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். நெருக்கடியில் இருக்கும் குழு தன்னை அறியாமலே புதிது புதிதாகத் திறந்துகொண்டு போகும். 10 பேர் கொண்ட குழுவில் ஒரே நேரத்தில் 10 அல்லது 12 பணிகள் நடப்பில் இருப்பது இயல்பு. 10-ஆம் வாரத்தில் 20, 20-ஆம் வாரத்தில் 34 என்று அது போவதே, நிறத்தைவிடப் பல மாதங்கள் முன்னால் வரும் எச்சரிக்கை. பச்சை அறிக்கை கையில் இருக்கும் எவரும் இந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்: இன்று எத்தனை பணிகள் திறந்து கிடக்கின்றன, சென்ற மாதம் எத்தனை?

மாற்று விதி எளிது. ஏற்றுக்கொள்ளப்பட்ட பணிக்கு 100, மற்றதெல்லாம் 0. இது கடுமையானது என்று எதிர்ப்பு வரும். பணிகள் சிறிதாக, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வாரத்தில் முடிவதாக இருந்தால், கடுமையால் வரும் பிழையும் சிறிதாகவே இருக்கும். எட்டு வாரம் ஓடும் பணிகள் இருந்தால் அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. அங்கே செய்ய வேண்டியது பணியை உடைப்பது. உடைக்கவே முடியாது என்றால், தொடங்கும்போது 0, வடிவமைப்பு ஏற்கப்பட்டதும் 20, சோதனையில் தேறியதும் 100 என்று, கண்ணால் பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகளோடு மதிப்பெண்ணைக் கட்டிவிடலாம். செய்பவரின் மனக்கணக்குக்கு அதில் இடம் இருக்கக் கூடாது.

செலவுப் பத்தியும் பச்சைதான்

அறிக்கையில் கால அட்டவணைக்கு ஒரு நிறம், செலவுக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாக இருக்கும். செலவு பச்சையாக இருந்தால் பலருக்கு ஒரு நிம்மதி. இந்தத் திட்டத்தில் கட்டும் கட்டத்துக்கு 10 பேர், 30 வாரம், ஆக 300 ஆள்வாரம் ஒதுக்கீடு. 10-ஆம் வாரத்தில் 100 ஆள்வாரம் செலவாகியிருக்க வேண்டும், 100-தான் செலவாகியிருக்கிறது. விலகலே இல்லை.

குழுவின் எண்ணிக்கை மாறாதவரை இந்த ஒப்பீடு எப்போதும் பச்சையையே காட்டும். பத்துப் பேர் பத்து வாரம் வந்துபோனார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்தச் செலவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் படம் மாறும். 120-இல் 30 முடிந்தது என்றால் கால்வாசி வேலை. ஒதுக்கீட்டில் அதன் மதிப்பு 75 ஆள்வாரம். 75 மதிப்புள்ள வேலைக்கு 100 கொடுத்திருக்கிறோம். இதே விகிதம் தொடர்ந்தால் கட்டும் கட்டம் மட்டும் 300-ஐ 0.75-ஆல் வகுத்த 400 ஆள்வாரத்தில் முடியும். நூறு ஆள்வாரத் துண்டு 10-ஆம் வாரத்திலேயே உருவாகிவிட்டது. செலவுப் பத்தி அதை 30-ஆம் வாரத்துக்குப் பிறகுதான் காட்டத் தொடங்கும்.

சதவீத எல்லை கடைசியில் தளர்ந்துபோகும்

5, 10 என்ற எல்லைகள் கறாராகத் தோன்றும். ஆனால் அவை தொடக்கத்திலிருந்து சேர்ந்துவந்த மொத்தத்தின் மீதான சதவீதங்கள். மொத்தம் பெருகப் பெருக அனுமதியும் பெருகும். 10-ஆம் வாரத்தில் 10 சதவீதம் என்றால் 4 பணிகள். 30-ஆம் வாரத்தில் 12 பணிகள். இந்தக் குழுவின் வேகத்தில் அது 4 வார வேலை. சோதனைக்கு வைத்திருந்த 10 வாரத்தில் நாலை விழுங்கிய பிறகும் விதி சிவப்பு என்று சொல்லாது. பிழையைச் சரிசெய்ய நேரம் குறையக் குறைய எல்லை இறுக வேண்டும். இங்கே எதிர்மாறாக நடக்கிறது.

அதனால் எல்லையை மிச்சமிருக்கும் தாங்குநேரத்தோடு ஒப்பிட்டு வைப்பது மேல். தாங்குநேரம் என்பது கெடுவைத் தள்ளாமல் ஒரு வேலையை எத்தனை வாரம் தள்ளலாம் என்பது. அதில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தால் ஆம்பர், மூன்றில் இரண்டு பங்கு கரைந்தால் சிவப்பு என்று வைக்கலாம். பங்கு எவ்வளவு என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறலாம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறக் கூடாது.

சோதனை வரும்வரை தெரியாதது

கட்டுமானத்திலும் இதே கதைதான். பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையத்தின் திறப்பு 2012 ஜூன் 3 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பழைய நிலையத்திலிருந்து இடம்பெயரும் ஏற்பாடுகள்வரை தயார். நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், மே 8 அன்று திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. காரணம் தீப்பாதுகாப்பு, குறிப்பாகப் புகையை வெளியேற்றும் அமைப்பும் அதோடு இணைந்த கட்டுப்பாடுகளும். நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31-இல்.

சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரியும், அவற்றைச் சதவீதத்தில் சொல்லவும் முடியும். புகை உணரி, கதவு, விசிறி, தெளிப்பான், மின்சாரம் எல்லாம் ஒன்றுக்கொன்று சரியான வரிசையில் பதில் சொல்கின்றனவா என்பது சேர்த்து ஓட்டிப் பார்க்கும் நாளில்தான் தெரியும். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே 95 சதவீதம் என்றாலும், சேர்ந்து இயங்குவதற்கு அங்கே இன்னும் மதிப்பெண் எதுவும் கிடையாது. ஒருங்கிணைப்புச் சோதனை கடைசியில் மட்டும் வரும் திட்டங்களில் தாவல் அடிக்கடி நடப்பதற்கு இதுதான் காரணம். அதுவரை பதிவான பச்சைகள் அளக்கப்பட்டவை அல்ல, அனுமானங்கள். முழு அமைப்பின் ஒரு மெல்லிய கீற்றையாவது, உதாரணமாக ஒரே ஒரு வாடிக்கையாளர் பதிவை உள்ளே செலுத்தி மறுமுனையில் சரியான ரசீதாக எடுப்பதையாவது, மூன்றில் ஒரு பங்கு காலத்துக்குள் ஓட்டிக் காட்டாத திட்டத்துக்குப் பச்சை கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆம்பர் ஏன் யாரையும் தொந்தரவு செய்வதில்லை

விதி சரியாக இருந்தாலும் நிறம் மேலே போகும் வழியில் வெளுக்கும். குழுத்தலைவர் சிவப்பு என்கிறார். திட்ட மேலாளர், மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று ஆம்பர் ஆக்குகிறார். அதற்கு மேலே இருப்பவர் ஆறு உட்குழுக்களின் நிறத்தைச் சேர்த்துப் பார்த்து, ஐந்து பச்சைக்கு ஓர் ஆம்பர் என்று மொத்தத்தைப் பச்சையாக்குகிறார். அந்த ஓர் ஆம்பர் மற்ற ஐந்தும் காத்திருக்கும் தரவு இடமாற்றமாக இருந்தால் இந்தச் சராசரி முழுத் தவறு. எந்த வேலை தாமதமானால் கெடு நகருமோ, அந்தத் தொடரில் இருக்கும் மோசமான நிறமே மொத்தத்தின் நிறம். தொடருக்கு வெளியே இருப்பவை தங்கள் தாங்குநேரம் தீரும்வரை மொத்தத்தைத் தொட வேண்டாம். எல்லாவற்றிலும் மோசமானதே மொத்தம் என்று வைத்தால், பெரிய திட்டம் ஆண்டு முழுக்க ஆம்பராகக் கிடக்கும், பிறகு யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

ஆம்பருக்குப் பெரும்பாலும் காலாவதி கிடையாது என்பது இன்னொரு ஓட்டை. சிக்கல் உண்டு, திட்டமும் உண்டு என்று ஆறு மாதம் அதே வாக்கியத்தை எழுதலாம். சரியான ஆம்பரில் மூன்று விவரங்கள் இருக்கும்: எது நடந்தால் பச்சைக்குத் திரும்பும், யார் பொறுப்பு, எந்தத் தேதி. அந்தத் தேதியில் நடக்கவில்லை என்றால் அடுத்த அறிக்கையில் அது தானாகவே சிவப்பு; மறுபடி விவாதம் இல்லை. தேதியை ஒருமுறை நீட்டலாம், இரண்டாவது முறை கூடாது.

சிவப்பின் பொருளையும் தெளிவாக வைக்க வேண்டும். சிவப்பு என்றால் மேலாளர் தோற்றுவிட்டார் என்று ஒரு நிறுவனம் புரிந்துகொண்டால், வாராந்தர விசாரணையும் கூடுதல் அறிக்கைகளும் வந்து குவியும். திருத்தும் நேரத்தை அதுவே தின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சிவப்பைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம் மட்டும் அல்ல, குழுவைக் காக்கும் முயற்சியும்கூட. பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறையில் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மேலாளருக்குக் காலத்திலும் செலவிலும் ஓர் அனுமதி வரம்பு தரப்படும்; அதைத் தாண்டிய பிறகு அல்ல, தாண்டப்போகிறது என்று முன்கணிப்பு காட்டும்போதே அவர் மேலே தெரிவித்தாக வேண்டும். அப்போது சிவப்பு என்பது என் அதிகாரத்துக்கு மேலான ஒரு முடிவு தேவை என்ற கோரிக்கையாகிறது. அதனுடன் தேர்வுகளும் சேர்ந்து போகும்.

முன்கணிப்பை நிறமாக்குவது

ஆக, விதியில் மாற்ற வேண்டிய முதல் வரி இது: நிறம், முடியப்போகும் தேதியின் முன்கணிப்பிலிருந்து வர வேண்டும். மிச்சப் பணிகளை உண்மையான வேகத்தால் வகுத்து, சோதனைக் காலத்தைக் குறைக்காமல் கூட்டினால் போதும். வேகத்துக்குக் கடந்த 4 முதல் 6 வாரச் சராசரியை எடுக்கலாம். மீதி வேலைக்குத் திட்டத்தில் இருக்கும் வேகத்தைப் போடவே கூடாது. இனிமேல் எல்லாம் சரியாகப் போகும் என்று வைத்துக் கணக்கிட்டால் முன்கணிப்பு எப்போதும் கெடுவிலேயே வந்து நிற்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. முதல் சில வாரங்களில் குழு சேர்ந்துகொண்டிருக்கும், வேகம் தாறுமாறாக இருக்கும், ஒற்றைத் தேதி ஏமாற்றும். அதனால் வீச்சாகச் சொல்வது நல்லது. நம் திட்டத்தில் 10-ஆம் வாரம்வரை சிறந்த வாரங்களின் வேகம் 4, மோசமானவற்றின் வேகம் 2.5 என்று வைத்தால், மிச்ச 90 பணிகள் 33-ஆம் வாரத்திலிருந்து 46-ஆம் வாரத்துக்குள் முடியும். சோதனையைக் கூட்டினால் 43 முதல் 56. சிறந்த வேகத்தில்கூடக் கெடு தவறுகிறது என்றால், 10-ஆம் வாரத்திலேயே பச்சைக்கு வழியில்லை. இன்னொரு எல்லை: மக்கள் எளிதான பணிகளை முதலில் முடிப்பார்கள். கடைசிக் கால்வாசி பெரும்பாலும் கடினமானது. எனவே சராசரி வேகமே கொஞ்சம் தாராளமான மதிப்பீடுதான்.

முன்னதாகத் தெரிந்தால் என்ன பயன் என்பதையும் இதே எண்களில் பார்க்கலாம். 10-ஆம் வாரத்தில் 120 பணிகளை 90 ஆகக் குறைக்க ஒப்புக்கொண்டால், வாரத்துக்கு 3 என்ற வேகத்தில் 30-ஆம் வாரத்தில் கட்டி முடித்து, 40-ஆம் வாரத்தில் முழுச் சோதனையோடு கெடுவைத் தொடலாம். 36-ஆம் வாரத்தில் அதே முடிவை எடுத்தால், மிச்சமிருக்கும் 12 பணிகளை மொத்தமாக வெட்டினாலும் மிச்சமாவது 4 வாரம்தான், திட்டம் 46-ஆம் வாரத்துக்குப் போகும். அந்த 12-உம் இணைப்புப் பணிகள் என்பதால் வெட்டவும் முடியாது. கடைசியில் சோதனைக் காலத்தைத்தான் வெட்டுவார்கள்.

கெடுவை நகர்த்தினால், ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைத்திருக்கும் திட்டமான பேஸ்லைனும் கூடவே நகரும், நிறம் மறுபடி பச்சையாகும். இது தவறல்ல, புதிய திட்டத்தை அதன்படி அளக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஒப்புக்கொண்ட தேதியும், எத்தனை முறை நகர்ந்தது என்பதும் அறிக்கையின் அதே வரியில் நிற்க வேண்டும். மூன்று முறை நகர்ந்த பச்சையும் நகராத பச்சையும் ஒரே மாதிரித் தெரியக் கூடாது.

முன்கணிப்பு விதிக்கு மாறும் முதல் மாதம் பல திட்டங்கள் ஒன்றாகச் சிவப்பாகும். அதை முன்கூட்டியே, திட்டங்களை மேற்பார்வையிடும் ஸ்டீயரிங் கமிட்டியிடம் சொல்லிவைக்காவிட்டால், புதிய விதியே தவறு என்று இரண்டாவது மாதத்தில் பழையதற்குத் திரும்பிவிடுவார்கள். இரண்டு மூன்று அறிக்கைக் காலம் பழைய நிறத்தையும் புதிய நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, இரண்டும் மாறுபடும் திட்டங்களை மட்டும் கூட்டத்தில் எடுத்துப் பேசினால் அந்தச் சிக்கல் வராது. அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு திட்டமும் நான்கு எண்களைக் கொண்டுவந்தால் போதும்: ஏற்கப்பட்ட பணிகள், திறந்து கிடப்பவை, கடைசி ஆறு வார வேகம், முன்கணிப்புத் தேதி.